பிரித்தானியாவில் தந்தை விடுப்பு, தத்து விடுப்பு: காசைத் தவறவிடாமல் கேட்டு வாங்கும் முறை

சின்னக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், உணவகங்கள் ஆகியவற்றுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் தொழில். பிள்ளை பிறந்த பிறகு வந்து "எனக்கும் ஏதோ காசு வருமாமே" என்று கேட்கிற தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்கு அந்தக் காசு கிடைப்பதா இல்லையா என்பது பிள்ளை பிறப்பதற்கு மூன்றரை மாதம் முன்பே முடிவாகியிருக்கும். அவர்களுக்கு அது தெரிந்திராது. அதனால்தான் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். தொகைகள் 2025–26 வரி ஆண்டுக்குரியவை. 2026 ஏப்ரலில் மாறியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளை பிறக்கும் என்று வைத்தியசாலை சொன்ன தேதி, நீங்கள் வேலையில் சேர்ந்த தேதி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தத்தின் ஒரு பிரதி. தத்தெடுப்பவர்களுக்குப் பிறப்புத் தேதிக்குப் பதிலாக, பிள்ளையோடு உங்களைப் பொருத்தியதாகத் தத்து நிறுவனம் தந்த கடிதம். இவை இல்லாமல் முதலாளியிடம் போனால் பேச்சு "பார்ப்போம்" என்பதோடு நின்றுவிடும்.

1. விடுப்பு வேறு, காசு வேறு

தந்தை விடுப்பு இரண்டு வாரம். அதற்கான கொடுப்பனவு வேறு உரிமை. ஒன்றுக்குத் தகுதி இருந்து மற்றதற்கு இல்லாமலும் போகலாம்.

2026 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே விடுப்புக்கு உரிமை உண்டு. ஆனால் கொடுப்பனவுக்கு 26 வார வேலை வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. "முதல் நாளிலிருந்தே கிடைக்கும்" என்று கேள்விப்பட்டு, காசும் வரும் என்று நம்பி வாடகைக்குக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் சம்பளமில்லாத வாரங்கள்.

தத்து விடுப்பிலும் இதே பிரிவுதான். 52 வார விடுப்பு முதல் நாளிலிருந்து உண்டு. 39 வாரக் கொடுப்பனவுக்கு 26 வார வேலை வேண்டும்.

இரண்டுமே ஊழியர்களுக்கானவை. சொந்தக் கணக்கில் டாக்சி ஓட்டுபவருக்கும் சாப்பாடு விநியோகிப்பவருக்கும் இவை இல்லை. ஏஜென்சி மூலமோ நேரம் உறுதியில்லாத ஒப்பந்தத்திலோ வேலை செய்பவருக்கு விடுப்பு உரிமை இல்லாமல் போகலாம். ஆனாலும் அவருடைய சம்பளத்தில் வரி பிடித்துக் கணக்குக் காட்டப்படுகிறது என்றால் கொடுப்பனவு கிடைக்க இடமுண்டு. அவர்கள் கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

2. காசு யாருடையது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்

முதலாளியிடம் போவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ளச் சொல்வேன். ஏனென்றால் சின்னக் கடைகளில் பேச்சு முறிவது இந்த இடத்தில்தான். "தம்பி, வேலைக்கும் வராமல் காசும் குடுக்கச் சொன்னால் கடைக்குக் கட்டாது" என்பார் முதலாளி. அவரும் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்.

உண்மையில் இந்தக் கொடுப்பனவு முதலாளியின் கையால் வருகிறதே தவிர, பெரும்பகுதி அரசாங்கத்தின் காசு. பெரிய நிறுவனங்கள் கொடுத்ததில் 92 சதவீதத்தை வரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டிய தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 45,000 பவுண் அல்லது அதற்குக் குறைவாக நேஷனல் இன்சூரன்ஸ் கட்டும் சின்னக் கடை முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 2025–26இல் 8.5 சதவீதம் கூடுதலாகவும் கிடைக்கும். 100 பவுண் கொடுத்த கடைக்கு 108.50 திரும்புகிறது.

கடையின் கணக்காளர் மாதாந்தம் வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் EPS அறிக்கையில் இதைக் காட்டினால் போதும். கையில் காசில்லை என்றால் முன்கூட்டியே தரும்படி வரித் திணைக்களத்தைக் கேட்கவும் முடியும். ஆகவே முதலாளியோடு வாதாட வேண்டாம். "அண்ணை, உங்கட கணக்காளரிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, இது திரும்ப வாற காசு" என்று சொன்னால் போதும். பல இடங்களில் பிரச்சினை அதோடு தீர்ந்திருக்கிறது.

3. மூன்று தேதிகளைக் காகிதத்தில் எழுதுங்கள்

கணக்கில் வாரம் என்பது ஞாயிறு தொடங்கி சனி முடிய. இதைத் தவறவிட்டால் எல்லாத் தேதியும் பிழைக்கும்.

ஓர் உண்மைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் நிலையத்தில் பகுதி நேர வேலை செய்யும் ஒருவர். பிள்ளை பிறக்கும் தேதி 2025 நவம்பர் 14, வெள்ளி.

முதல் தேதி, பிள்ளை பிறக்கவிருக்கும் வாரத்தின் ஞாயிறு. அது நவம்பர் 9.

இரண்டாவது, அதிலிருந்து 15 வாரம் பின்னோக்கிப் போனால் வரும் வாரம். ஜூலை 27 ஞாயிறு முதல் ஓகஸ்ட் 2 சனி வரை. இதைத் தகுதி வாரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தகுதி, சம்பளச் சராசரி, முதல் அறிவிப்பின் கெடு மூன்றும் இந்த வாரத்தில்தான் நிற்கின்றன.

மூன்றாவது, தகுதி வாரத்தின் முடிவில் 26 வார வேலை முடிந்திருக்க, எப்போது சேர்ந்திருக்க வேண்டும் என்ற தேதி. ஒரு வாரத்தில் ஒரு நாள் வேலையில் இருந்தாலும் அது முழு வாரமாகக் கணக்கிடப்படும். அதனால் இங்கே கடைசித் தேதி 2025 பெப்ரவரி 8, சனி.

நம்மவர் பெப்ரவரி 3 திங்களன்று சேர்ந்தவர். தகுதி உண்டு. அதே நிலையத்தில் பெப்ரவரி 10 திங்களன்று சேர்ந்த இன்னொருவரின் மனைவிக்கும் அதே வாரத்தில் பிள்ளை. அவருக்கு 25 வாரம்தான் ஆகியிருந்தது, ஒரு சதமும் கிடைக்கவில்லை. இடையில் இருந்தது ஒரு வாரம். வேலை மாறும் யோசனையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள். பிள்ளை பிறக்கும் நாள் வரை அதே முதலாளியிடம் வேலையில் இருக்கவும் வேண்டும்.

பிள்ளை முந்திப் பிறந்தாலும் பிந்திப் பிறந்தாலும் தகுதி வாரம் மாறாது. வைத்தியசாலை முதலில் சொன்ன தேதியை வைத்தே கணக்கு.

4. அந்த எட்டு வாரச் சம்பளம்

எல்லாப் படியிலும் கூடுதல் கவனம் வேண்டியது இதற்கே.

வாரக் கொடுப்பனவு 187.18 பவுண், அல்லது உங்கள் சராசரி வாரச் சம்பளத்தின் 90 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. 2026–27இல் அந்த உச்சத் தொகை 194.32. சராசரி வாரச் சம்பளம் 125 பவுணுக்குக் குறைந்தால் எதுவுமே இல்லை. 2026–27இல் அந்த எல்லை 129.

இந்தச் சராசரியை ஆண்டு முழுவதையும் பார்த்துப் போடுவதில்லை. தகுதி வாரத்தின் சனிக்கிழமை அன்று அல்லது அதற்கு முன் வந்த கடைசிச் சம்பள நாளிலிருந்து, குறைந்தது எட்டு வாரம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அந்த எட்டு வாரத்தில் வாங்கிய மொத்தச் சம்பளம், ஓவர்டைம், வருடாந்த விடுமுறைச் சம்பளம், போனஸ் எல்லாம் சேரும். கையில் வாங்கிய, சீட்டில் காட்டாத காசு சேராது.

நம்மவருக்கு வெள்ளிதோறும் சம்பளம். கடைசிச் சம்பள நாள் ஓகஸ்ட் 1. எட்டு வாரம் என்பது ஜூன் 7 முதல் ஓகஸ்ட் 1 வரை. மணிக்கு 12.21 பவுண், வழக்கமாக வாரம் 20 மணி. அதன்படி வாரம் 244.20, அதில் 90 சதவீதம் 219.78. அது 187.18ஐ விடக் கூடுதலாக இருப்பதால் அவருக்கு முழு 187.18 கிடைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஜூலையில் மனைவிக்குச் சுகமில்லை. அவர் ஷிப்டைக் குறைத்தார், ஒரு வாரம் சம்பளமில்லாமல் முழுக்க நின்றார். எட்டு வாரமும் 20, 20, 16, 8, 0, 8, 20, 20 மணி. மொத்தம் 112 மணி, 1,367.52 பவுண். எட்டால் வகுத்தால் 170.94. அதில் 90 சதவீதம் ஏறத்தாழ 154. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து 66 பவுணுக்கு மேல் போய்விட்டது.

வேலைக்கே போகாத அந்த ஒரு வாரத்தை அவர் வருடாந்த விடுமுறையாக எடுத்திருந்தால் 20 மணிச் சம்பளம் கணக்கில் ஏறியிருக்கும். சராசரி 201 தாண்டி, கொடுப்பனவு 181 அளவுக்கு வந்திருக்கும். அவர் கையில் விடுமுறையும் இருந்தது. "பிள்ளை பிறந்த பிறகு எடுப்போம்" என்று சேர்த்து வைத்திருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் அதைப் பார்த்தது ஓகஸ்ட் கடைசியில்தான்.

இன்னும் மெல்லிய இடம் ஒன்று உண்டு. வாரம் 10 மணி வேலை என்றால் 122.10 பவுண், எல்லைக்குக் கீழே. 11 மணி என்றால் 134.31, எல்லைக்கு மேலே. பத்து மணிக்காரருக்கு ஒன்றுமில்லை, பதினொரு மணிக்காரருக்கு வாரம் 120 பவுண் போல வருகிறது. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட மாட்டார்கள். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டிலும் தகுதி இருந்தால் இரண்டு இடத்திலிருந்தும் கிடைக்கும்.

மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு இது:

```
(மாதம் 1 + மாதம் 2) ÷ 2 × 12 ÷ 52
```

கடையைக் கம்பனியாகப் பதிந்து தாங்களே இயக்குநராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் உங்கள் கம்பனியின் ஊழியர்தான், தகுதி இருக்கலாம். ஆனால் கம்பனி இலாபப் பங்காக எடுக்கும் காசு சராசரியில் சேராது. வரி மிச்சம் என்று கணக்காளர் உங்கள் சம்பளத்தை ஆண்டுக்கு 5,000 பவுணில் வைத்திருந்தால் வாரம் 96 பவுண்தான், தகுதி போய்விடும். பிள்ளைக்கு எதிர்பார்த்திருக்கும் ஆண்டில் இதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

5. ஒப்பந்தத்தைப் படியுங்கள், பிறகு கேளுங்கள்

சட்டம் சொல்வது கீழெல்லை. பல பெரிய நிறுவனங்கள் அதற்கு மேல் முழுச் சம்பளத்தோடு இரண்டு வாரமோ கூடவோ தருகின்றன. சின்ன இடங்களில் பெரும்பாலும் சட்டக் கொடுப்பனவு மட்டும்தான். ஊழியர் கைநூலில் தனி நிபந்தனைகளும் இருக்கும்: ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், திரும்பி வந்து இத்தனை மாதம் நிற்காவிட்டால் மேலதிகத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது போல. திருப்பிக் கேட்க முடிவது அந்த மேலதிகத்தை மட்டும்தான். சட்டக் கொடுப்பனவை முதலாளி திருப்பிக் கேட்க முடியாது.

மேலதிகம் எதுவும் இல்லை என்றால் வருடாந்த விடுமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி, 12.21 என்று வேலை செய்பவரின் சம்பளம் 488.40. தந்தை விடுப்பில் 187.18. வாரத்துக்கு 301 பவுண் துண்டு விழும். வருடாந்த விடுமுறையில் துண்டே விழாது. அதனால் பலர் முதல் வாரத்தை வருடாந்த விடுமுறையாக எடுத்து, தந்தை விடுப்பைப் பிறகு, தேவை கூடிய வாரத்தில் எடுக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் 'ஒன்றுக்குப் பதில் மற்றது' என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் உங்களுக்கு உண்டு.

6. அறிவிப்பு: இரண்டு தடவை

முதல் அறிவிப்பு தகுதி வாரம் முடிவதற்குள். நம்மவர் கணக்கில் ஓகஸ்ட் 2. பிள்ளை பிறக்கும் தேதியையும், நீங்கள் தகப்பன் அல்லது தாயின் துணை, பிள்ளை வளர்ப்பில் பொறுப்பேற்பவர் என்ற உறுதியையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு SC3 என்ற படிவம் GOV.UK தளத்தில் இருக்கிறது. வேலைத்தளத்துக்குச் சொந்தப் படிவம் இருந்தால் அதுவும் சரி.

இரண்டாவது, ஒவ்வொரு விடுப்பும் தொடங்க 28 நாளைக்கு முன். 2024 ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு வாரத்தையும் பிரித்து எடுக்கலாம். பிள்ளை பிறந்து 52 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நாள் நாளாக உடைக்க முடியாது, முழு வாரமாகவே எடுக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் எந்த நாளிலும் தொடங்கலாம்.

முதல் வாரத்துக்குத் தேதி எப்படி எழுதுவது, பிள்ளை எப்போது பிறக்கும் என்று தெரியாதே என்று எல்லோரும் கேட்பார்கள். "பிறந்த நாளிலிருந்து" என்றோ "பிறந்து ஏழு நாள் கழித்து" என்றோ எழுதலாம். பிறப்பதற்கு முன் தந்தை விடுப்பைத் தொடங்க முடியாது. நவம்பர் 14 என்று தேதி குறித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை 20ஆம் தேதி பிறந்ததால் தடுமாறியவர்கள் உண்டு.

நம்மவர் பிள்ளை நவம்பர் 11 செவ்வாயன்று பிறந்தது. முதல் வாரத்தை அன்றே தொடங்கினார். மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றதால் இரண்டாம் வாரம் உடனே தேவைப்படவில்லை. மாமியார் பெப்ரவரி 8 அன்று திரும்பிப் போகவிருந்தார். அடுத்த நாள் 9ஆம் தேதி இரண்டாம் வாரத்தைத் தொடங்க, நம்மவர் ஜனவரி 12க்குள் எழுதிக் கொடுத்தார். மனைவி தனித்துப் போகும் அந்த வாரத்தில் அவர் வீட்டில் இருந்தார்.

பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் காசு என்று சில இடங்களில் சொல்கிறார்கள். தந்தைக் கொடுப்பனவுக்குச் சான்று கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. உங்கள் கையெழுத்திட்ட உறுதியே போதும். தத்துக்கு அப்படியல்ல, அங்கே சான்று வேண்டும்.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வாயால் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

7. தத்து: யாருக்கு எது என்று முதலில் முடிவெடுங்கள்

தம்பதியாகத் தத்தெடுத்தால் ஒருவர்தான் தத்து விடுப்பு எடுக்கலாம். மற்றவருக்குத் தந்தை விடுப்பு என்று பெயர் கொண்ட அந்த இரண்டு வாரம். அது பெண்ணாக இருந்தாலும் பெயர் அதுதான். பெயரைப் பார்த்துவிட்டுக் கணவன் தந்தை விடுப்பு, மனைவி தத்து விடுப்பு என்று தானாக எழுதிவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

தத்துக் கொடுப்பனவு முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம், உச்சவரம்பு இல்லை. அடுத்த 33 வாரம் 187.18 அல்லது 90 சதவீதம், எது குறைவோ அது. ஒருவர் வாரம் 600 பவுண், மற்றவர் 350 என்று வைப்போம்.

600 வாங்குபவர் எடுத்தால் முதல் ஆறு வாரம் 3,240, பிறகு 6,176.94; மொத்தம் 9,416.94. 350 வாங்குபவர் எடுத்தால் 1,890, பிறகு அதே 6,176.94, மொத்தம் 8,066.94. கூடச் சம்பளக்காரருக்கு 1,350 பவுண் கூட வருகிறது. ஆனால் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளத்தையும் பாருங்கள். 39 வாரத்தில் முதலாமவர் இழப்பது 13,983. இரண்டாமவர் இழப்பது 5,583. கொடுப்பனவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் குடும்பம் எட்டாயிரத்துக்கு மேல் நட்டப்படும். முதலாமவரின் வேலைத்தளம் ஆறு மாதம் முழுச் சம்பளம் தருமானால் கணக்கே தலைகீழாகலாம், அதனால்தான் ஒப்பந்தத்தை முதலில் படிக்கச் சொன்னேன்.

ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஊழியராக இருப்பவரே தத்து விடுப்பு எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்யும் தாய்க்குப் பேறுகால உதவித்தொகை இருப்பது போல, தத்தெடுப்பவருக்கு எதுவும் இல்லை.

8. தத்து: ஏழு நாள் கெடு

இங்கே தகுதி வாரம் என்பது, பொருத்தம் உறுதியானது என்று தத்து நிறுவனம் உங்களுக்கு அறிவித்த வாரம். அந்த ஞாயிறு–சனி வாரத்தின் முடிவில் 26 வார வேலை முடிந்திருக்க வேண்டும். எட்டு வாரச் சராசரியும் அங்கிருந்தே பின்னோக்கி.

பிறப்பில் தகுதி வாரம் முடியும் வரை அவகாசம் இருக்கும். தத்தில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏழு நாள்தான். 2025 ஜூன் 11 புதன் அன்று பொருத்தம் உறுதி என்றால் ஜூன் 18க்குள் இருவரும் அவரவர் முதலாளிக்கு எழுத வேண்டும். தந்தை விடுப்பு எடுப்பவருக்குப் படிவம் SC4. வெளிநாட்டுத் தத்து என்றால் SC5. அந்தச் சந்தோஷத்தில் சாமான் வாங்க ஓடித் திரிந்துவிட்டு எட்டாம் நாள் எழுதியவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தைப் பொருத்தக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்து, தேதியை மட்டும் வெற்றிடமாக விடுங்கள்.

அதோடு பொருத்தச் சான்றிதழ் வேண்டும். அதில் உங்கள் பெயர், முகவரி, நிறுவனத்தின் பெயர், முகவரி, பொருத்திய தேதி, பிள்ளை வீட்டுக்கு வரும் தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சம்பளப் பிரிவு திருப்பி அனுப்பும். பிள்ளை வரும் நாளிலோ, அதற்கு முந்திய 14 நாட்களுக்குள் ஒரு நாளிலோ விடுப்பைத் தொடங்கலாம். பிள்ளை வருமுன் அறை ஒழுங்குபடுத்தவும், வளர்ப்புத் தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு பழகவும் அந்த நாட்கள் மிகவும் உதவும்.

எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் அக்காவின் பிள்ளையை, தம்பியின் பிள்ளையைக் குடும்பத்துக்குள் பேசி எடுத்து வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. தத்து நிறுவனம் இடையில் இல்லாத தனிப்பட்ட ஏற்பாட்டுக்கு இந்த விடுப்பும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. துணையின் முதல் மணத்துப் பிள்ளையைத் தத்தெடுத்தாலும், உறவுக்காரப் பிள்ளைக்குச் சட்டப் பாதுகாவலராக நின்றாலும் இல்லை. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், அந்தப் பிள்ளைக்கும் முதல் மாதங்களில் ஆள் வேண்டும். ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கிறது. கிடைக்கும் என்று நம்பி வேலையை விட்டு நிற்காதீர்கள்.

9. விசாவில் இருப்பவர்கள்

"அரச நிதிக்கு உரிமையில்லை" என்று விசாவில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து பலர் கேட்பதே இல்லை. தந்தைக் கொடுப்பனவும் தத்துக் கொடுப்பனவும் அந்த அரச நிதிப் பட்டியலில் இல்லை. அவை வேலையோடு சேர்ந்த உரிமை. வாங்கினால் விசாவுக்குப் பாதிப்பில்லை. வேலை விசாவில் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமின்றி இருந்தால் வரும் சிக்கலிலிருந்தும் தந்தை விடுப்புக்கும் தத்து விடுப்புக்கும் விலக்கு உண்டு.

யூனிவர்சல் கிரெடிட் அப்படியல்ல, அது அரச நிதி. விசாவில் அந்தத் தடை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. தடையில்லாதவர்கள் அதை வாங்கிக்கொண்டிருந்தால், இந்தக் கொடுப்பனவு சம்பளம் போலவே வருமானமாகக் கணக்கிடப்படும். விடுப்பு மாதத்தில் சம்பளம் குறைவதால் யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சம் கூடும். கொடுப்பனவிலிருந்து வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் வழக்கம் போலக் கழியும்.

10. மறுத்தால்

"உனக்குத் தகுதி இல்லை" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தந்தைக் கொடுப்பனவை மறுக்கும் முதலாளி SPP1 என்ற படிவத்தை, நீங்கள் கேட்டு 28 நாளுக்குள் காரணத்தோடு தர வேண்டும். தத்துக்கு அது SAP1. இதைக் கேட்டவுடனேயே பல இடங்களில் கணக்கைத் திரும்பப் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்தப் படிவத்தில் சராசரியையும் வேலை வாரங்களையும் வைத்துத்தான் காரணம் காட்ட வேண்டும்.

அவர்கள் கணக்குப் பிழை என்று தெரிந்தால், முதலாளிகள் பயன்படுத்தும் அதே கணிப்பானில் உங்கள் தேதிகளையும் சம்பளத்தையும் போட்டு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டுங்கள்:

```
https://www.gov.uk/maternity-paternity-calculator
```

நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இரண்டுதான். ஒன்று, வேலையில் சேர்ந்த வாரத்தைப் பாதி வாரம் என்று தள்ளிவிடுவது. மற்றது, வரி கழித்த பிறகு கையில் வரும் தொகையை வைத்துச் சராசரி போடுவது. சராசரி எப்போதும் பிடித்தம் இல்லாத மொத்தச் சம்பளத்தில்தான்.

அதற்கும் மசியவில்லை என்றால், வரித் திணைக்களத்தில் சட்டக் கொடுப்பனவுத் தகராறுகளைப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. அவர்கள் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். கடை மூடி, முதலாளி கடனில் மூழ்கிவிட்டால் மிச்சத் தொகையை வரித் திணைக்களமே நேரடியாகத் தரும்.

விடுப்புக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், ஷிப்டைக் குறைத்தால், அது கொடுப்பனவுத் தகராறு அல்ல, வேறு வழக்கு. அதற்கு முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பை அழைக்க வேண்டும். அங்கேயும் காலக்கெடு இறுக்கமானது, மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. நடந்த அன்றே தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி, ஷிப்ட் பட்டியலைப் படமெடுத்து வைத்துவிட்டு அழையுங்கள்.